150 ரூபாய் நெல்லும் 230 ரூபாய் அரிசியும்: திட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

போன கிழமை நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றியது. கடை வாசலில் நிற்கும் நமது கடைக்காரக் காக்கா ஒருவர், கீழே "அரிசிக் கள்ளன்" என்று எழுத்து. நாட்டரிசியைக் கட்டுப்பாட்டு விலையைவிடக் கூட்டி விற்றதற்காக அவருக்கு நீதிமன்றத்தில் தண்டம் விதிக்கப்பட்டிருந்தது. அதே குழுவில், அதே நாள் மாலை, வேறொரு பதிவையும் நாம் எல்லோரும் பகிர்ந்தோம்: "விவசாயியின் நெல்லுக்கு கிலோ 150 ரூபாய் கொடு!" இரண்டுக்கும் ஒரே ஆட்கள்தான் விருப்பம் போட்டிருந்தார்கள். அந்த ஆட்களில் நாங்களும் அடக்கம்.

இரண்டு கோரிக்கையும் மனதுக்குச் சரியாகத்தான் படுகிறது. வட்டையில் நிற்பவரும் நம்மவர், உலை வைப்பவரும் நம்மவர். ஆனால் இரண்டையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்த்தோமா? இல்லை. அதனால் அடுத்த நாள் தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு வீதக் கணக்கு படிப்பிக்கும்போது அதையே கரும்பலகையில் எழுதினோம்.

தெரிந்த எண்களிலிருந்து தொடங்குவோம். 2024 டிசம்பரில் அரசாங்கம் அரிசிக்கு உச்ச விலை குறித்தது. உள்நாட்டு நாட்டரிசி மொத்த விலை கிலோ 225 ரூபாய், சில்லறை விலை 230 ரூபாய். இரண்டு மாதம் கழித்து, 2025 பெப்ரவரியில், நெல்லுக்கு உத்தரவாத விலை வந்தது. நாட்டு நெல் கிலோ 120, சம்பா 125, கீரிச் சம்பா 132. முதலாவது கூரை, அதற்கு மேலே போகக்கூடாது. இரண்டாவது தரை, அதற்குக் கீழே விழக்கூடாது. கூரைக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் நெல் அரிசியாகி, லொறியேறி, கடைக்கு வந்து, நம் சட்டிக்குள் விழ வேண்டும்.

நூறு கிலோ நெல்லைக் குத்தினால் நூறு கிலோ அரிசி வராது. உமி போகும், தவிடு போகும், கொஞ்சம் குருணையாக உடையும். ஆலையையும் நெல்லின் தரத்தையும் பொறுத்து 62 முதல் 68 கிலோ வரை கிடைக்கும். நாங்கள் 64 என்று எடுத்துக்கொண்டோம்.

நெல் கிலோ 120 என்றால் நூறு கிலோ நெல்லின் விலை 12,000 ரூபாய். கிடைக்கும் 64 கிலோ அரிசியை மொத்த விலை 225க்கு விற்றால் 14,400 ரூபாய். நடுவில் நிற்பது 2,400. நெல்லை அவித்து, காயவைத்து, குத்தி, பையில் கட்டி, மின்சாரத்துக்கும் கூலிக்கும் வங்கி வட்டிக்கும் கொடுப்பது இதற்குள்தான் அடங்க வேண்டும். தவிடும் குருணையும் விற்ற காசு கொஞ்சம் கைகொடுக்கும். ஆகவே இந்தக் கணக்கு ஓடும்.

இப்போது நாம் பகிர்ந்த 150 ரூபாயைப் போட்டுப் பார்ப்போம். நூறு கிலோ நெல் 15,000 ரூபாய். அரிசி விற்ற காசு அதே 14,400. ஆலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னரே 600 ரூபாய் நட்டம். ஆலைக்காரர் கடையையும் தானே போட்டு, சில்லறை விலை 230க்கு விற்றாலும் 14,720தான். நெல்லுக்குக் கொடுத்த காசே திரும்பாது.

பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அப்ப மிச்சக் காச ஆரு குடுக்கிற?" முழு விடயமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தரையை உயர்த்தலாம், கூரையைப் பதிக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் நடுவில் விழும் பள்ளத்தை யாராவது நிரப்ப வேண்டும். அரசாங்கம் தன் பணத்தால் நிரப்பலாம். அது நிரப்பாவிட்டால் சந்தை தன் வழியில் நிரப்பிக்கொள்ளும். எப்படியென்று பார்ப்போம்.

முதலில் தரையின் பக்கம். உத்தரவாத விலை 120 என்றால் வயலில் கிடைக்கும் நெல்லுக்கு 120 என்று பலர் நினைக்கிறோம். அது 14 சதவீத ஈரப்பதம் உள்ள, தூற்றித் துப்புரவாக்கிய, களஞ்சிய வாசலுக்குக் கொண்டுபோய் இறக்கிய நெல்லின் விலை. வெட்டு மிஷினிலிருந்து நேரே விழும் நெல்லில் ஈரம் 20, 22 என்று நிற்கும். 22 சதவீத ஈரமுள்ள ஆயிரம் கிலோ நெல்லைக் காயவைத்து 14க்குக் கொண்டுவந்தால் தராசில் 907 கிலோதான் நிற்கும். அதை 120ஆல் பெருக்கினால் 108,840 ரூபாய். அதாவது ஈர நெல்லின் கணக்கில் 120 என்பது உண்மையில் கிலோ 109 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. காயவைக்கும் கூலி, சாக்கு, உழவு இயந்திர வாடகை, வரிசையில் நிற்கும் நாள் எல்லாவற்றுக்கும் ஐந்தாறு ரூபாய் கழித்தால் கையில் நிற்பது கிலோவுக்கு 103 அளவில்தான்.

இந்த எண்ணை விவசாயிகள் மனதில் வைத்திருப்பது நல்லது. வட்டைக்கே லொறி கொண்டுவந்து, ஈர நெல்லை 104க்கு எடுத்து, காசைக் கையில் வைக்கும் வியாபாரி உங்களை ஏமாற்றவில்லை. அரசு விலைக்குச் சமனாகத்தான் தருகிறார். அதே ஆள் 95 என்று சொன்னால், மூடைக்கு இரண்டு கிலோ "கழிவு" என்றும் வெட்டினால், அது வேறு கதை.

நம் வட்டையில் போன போகத்தில் ஒரு தம்பி 98க்குக் கொடுத்தான். 120 அறிவித்திருந்தது அவனுக்குத் தெரியும். ஆனால் வெட்டு மிஷின்காரனுக்கு அன்று பின்னேரமே காசு கொடுக்க வேண்டும். பசளையும் எண்ணெயும் கடன் வாங்கியதே அந்த நெல் வியாபாரியிடம்தான். காயவைக்கக் களம் இல்லை. றோட்டில் பரப்பலாம் என்றால் வானம் மூடிக்கொண்டு நின்றது. தரை விலை என்பது இரண்டு கிழமை பொறுத்திருக்கக்கூடியவருக்குக் கிடைக்கும் விலை. பொறுக்க முடியாதவருக்கு அது பத்திரிகையில் வாசிக்கும் விலை. யாருக்காக அந்த விலை வந்ததோ அவருக்குத்தான் அது கடைசியாகப் போய்ச் சேருகிறது.

தரை விலை தானாக நிற்பதில்லை. யாராவது அந்த விலைக்கு வாங்கத் தயாராக நின்றால்தான் அது நிற்கும். 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபையை உருவாக்கியதே அதற்காகத்தான். ஆனால் அண்மைய ஆண்டுகளில் சபை வாங்கும் நெல் பெரும்பாலும் மொத்த விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. மிச்ச ஒன்பது பங்கின் விலையைத் தனியார்தான் தீர்மானிக்கிறார்கள். 2025இல் விலை அறிவித்தது பெப்ரவரி முதல் வாரத்தில். அதற்குள் நம் கிழக்கில் பல வட்டைகளில் வெட்டு தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை புறப்பட்ட பிறகு சட்டை தைக்கக் கொடுத்த கதை.

இனிக் கூரையின் பக்கம். கடைக்காரக் காக்காவிடம் வருவோம்.

மொத்த விலை 225, சில்லறை விலை 230. 25 கிலோ பை ஒன்று 5,625க்கு வந்து 5,750க்குப் போகிறது. பைக்கு 125 ரூபாய். லொறிக் கூலி, ஏற்றி இறக்கும் கூலி, நிறுத்துக் கொடுக்கும்போது சிந்துவது, நம்மில் பலர் கொப்பியில் எழுதிவிட்டு மாதக் கடைசியில் கொடுக்கும் கடன், எல்லாம் அந்த 125க்குள். இதுவும் ஆலை 225க்கே கொடுத்தால்தான். காக்கா சொன்னபடி அவருக்கு அரிசி வந்தது 234க்கு. பில்லில் 225 என்று எழுதியிருந்தது. மிச்ச ஒன்பது ரூபாயை வெறுங்கையில் வாங்கினார்களாம். "வேணுமெண்டா எடுங்க, இல்லாட்டி அடுத்த லொறிக்கு ஆள் நிக்கிது" என்பதுதான் பேச்சு. அவர் 242க்கு விற்றார், பிடிபட்டார். அவர் விற்றது சட்டப்படி பிழைதான். அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது ரூபாய் எந்தத் தாளிலும் இல்லை. தாளில் இருப்பது அவருடைய பெயர் மட்டும்தான்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பிறகு, உச்ச விலையை மீறும் தனி வியாபாரிக்குக் குறைந்த தண்டமே ஒரு இலட்சம் ரூபாய். மேலே ஐந்து இலட்சம் வரை போகலாம். ஒரு இலட்சத்தை 125ஆல் பிரித்துப் பாருங்கள், 800 பை. எண்ணூறு பை அரிசி விற்ற இலாபம் ஒரு காலையில் போகிறது. அதனால்தான் இப்போது நம் தெருவில் மூன்று கடைகள் "நாட்டரிசி இல்லை" என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டும் சோடாவும் விற்கின்றன. வாகனம் உள்ளவர் டவுனுக்குப் போய் வாங்குவார். அன்றாடம் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கடனுக்கு வாங்கிய உம்மாமார் எங்கே போவார்கள்?

இது ஊருக்கு ஊர் வேறுபடும் விடயமல்ல. 2021 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? நாட்டரிசிக்கு உச்ச விலை 98 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அவசரகால விதிகள், களஞ்சியச் சோதனைகள், தொலைக்காட்சியில் சீல் வைக்கும் காட்சிகள் எல்லாம் இருந்தன. கடையில் அரிசி மட்டும் இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் அரசாங்கமே உச்ச விலையை நீக்கியது. உடனே ஆலை உரிமையாளர்கள் கூடி நாட்டரிசி 115 என்று தாங்களே விலை அறிவித்தார்கள்.

கூரை விலை இறுகும்போது என்ன நடக்கிறது என்பதை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஒரு வகை அரிசி தட்டில் இருந்து மறையும், கூடிய விலை குறித்த வகை மட்டும் நிறைய இருக்கும். சம்பா என்று வாங்கியது உலையில் நாட்டரிசி போல வேகும். அரித்துப் பார்த்தால் முன்பைவிடக் குருணை கூடியிருக்கும். பில் கேட்டால் கடைக்காரர் முகம் மாறும். இந்த நான்கில் இரண்டைக் கண்டால், விலை ஏறிவிட்டது, பலகையில் மட்டும் ஏறவில்லை என்று அர்த்தம்.

இதில் பெரிய ஆலைகளுக்கு அடி விழாதா? இங்கேதான் எங்களுக்கு மிகவும் கவலை. பெப்ரவரி, மார்ச்சில் நெல் மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி மாதக்கணக்கில் வைக்கக் களஞ்சியமும் வங்கிக் கடனும் உள்ளவருக்கு 225 ரூபாய் கூரை ஒரு தொல்லையே இல்லை. 100க்கும் 110க்கும் வாங்கிய நெல்தானே அவரிடம் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் மாதாமாதம் நெல் வாங்கிக் குத்தும் சிறு ஆலைக்காரர், நவம்பர், டிசம்பரில் நெல் 140ஐத் தாண்டியதும் மேலே போட்ட அதே கணக்கில் விழுந்துவிடுகிறார். 144 ரூபாயில் அவருக்கு நெல்லின் காசு மட்டுமே திரும்பும். ஆகவே ஆலையை மூடுகிறார். அடுத்த போகத்தில் நெல் வாங்க வரும் கைகளில் ஒன்று குறைகிறது. 98க்குக் கொடுத்த தம்பிக்கு அடுத்த முறை 98கூடக் கேட்க ஆள் இராது. பெரியவர்களை அடக்கக் கொண்டுவந்த கூரை, அவர்களுக்குப் போட்டியாக நின்ற சிறியவர்களை அகற்றுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் அரிசித் தட்டுப்பாட்டுக்காக இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தபோது, ஒவ்வொரு கிலோவுக்கும் 65 ரூபாய் வரி இருந்தது. வெளிநாட்டு அரிசி மலிவாக வந்து நம் நெல்லின் விலையை உடைக்கக்கூடாது என்பதற்கான வரி அது. பெயர் வரி, வேலை தரை விலையின் வேலை. விவசாயியைப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அந்த 65 ரூபாயும் நாம் வாங்கிய கிலோவுக்குள் இருந்தது. ஒரு கையால் விலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கடைக்காரரின் தலையில் கூரையை அழுத்துவது எப்படி என்று அந்த மாதம் பார்த்தோம்.

அப்படியானால் விலைக் கட்டுப்பாடே கூடாதா? நாங்கள் அப்படிச் சொல்ல வரவில்லை. மதீனாவில் விலை ஏறியபோது விலை குறித்துத் தரும்படி மக்கள் கேட்டதும், யாருக்கும் அநியாயம் செய்தவனாக ஆகிவிடக்கூடாது என்று அஞ்சி நபியவர்கள் அதைத் தவிர்த்ததும் நாம் அறிந்த செய்தி. பிற்காலத்தில் இமாம் இப்னு தைமிய்யா இதை விளக்கும்போது இரண்டு நிலைமைகளைப் பிரித்தார். பொருள் குறைந்தோ வாங்குவோர் கூடியோ விலை ஏறினால், வியாபாரியைக் குறைத்து விற்கச் சொல்வது அநியாயம். மக்களுக்குத் தேவை இருக்கும்போது பொருளைப் பதுக்கி வைத்து விலையேற்றினால், நியாயமான விலைக்கு விற்கக் கட்டாயப்படுத்துவது கடமை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நெல் உண்மையில் குறைவா, அல்லது பூட்டிய களஞ்சியத்தில் இருக்கிறதா என்பதை. அது தெரியாமல் குறிக்கும் விலை, பதுக்கியவரையும் பதுக்காதவரையும் ஒரே தடியால் அடிக்கிறது. அடி முதலில் விழுவது கண்ணுக்குத் தெரிகிற ஆளுக்கு, அதாவது தெருக் கடைக்கு.

எங்கள் அபிப்பிராயம் இதுதான். கூரை விலையைக் காப்பாற்றுவது களஞ்சியத்தில் இருக்கும் அரிசி. அரசாங்கம் வெட்டுக் காலத்தில் போதிய நெல் வாங்கி வைத்து, நவம்பர் முதல் ஜனவரி வரையான பஞ்ச மாதங்களில் அதை அரிசியாக்கிச் சந்தைக்கு விட்டால், சோதனைக்குப் போக வேண்டிய தேவையே குறைந்துவிடும். ஆகவே நாம் கேட்க வேண்டியது "150 கொடு" என்பதை அல்ல. விலையை வெட்டுக்கு முன் சொல்லுங்கள், களஞ்சியத்தை வெட்டுத் தொடங்கும் நாளில் திறவுங்கள், ஈர நெல்லை ஈரத்துக்கேற்பக் கழித்து வாங்கும் அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள் என்று கேட்போம். இந்த மூன்றும் நடந்தால் 120கூடப் பலருக்கு உண்மையான விலையாகும்.

விவசாயிக்கு அதைவிடக் கூடக் கொடுக்க வேண்டும், அரிசியும் ஏறக்கூடாது என்றால் நடுவிலுள்ள பள்ளத்தை அரசாங்கம் காசாகவே நிரப்பட்டும். நாடு முழுவதற்கும் அரிசி விலையை அமுக்குவதைவிட, அஸ்வெசும பெறும் குடும்பங்களுக்கு அரிசிக்கென்று ஒரு தொகையைக் கூட்டிக் கொடுப்பது மேல். காரில் போய்ப் பத்துப் பை வாங்குபவருக்கு மலிவு விலை அரிசி தேவையில்லை. அதற்குச் செலவு இருக்கிறது, அந்தச் செலவு நம் வரியிலிருந்துதான் வரும். ஆனால் அந்தச் செலவு கண்ணுக்குத் தெரியும். இப்போதுள்ள முறையில் அதே செலவை 98க்கு விற்ற தம்பியும், கடை மூடிய காக்காவும், மூன்று தெரு அலைந்து வரும் உம்மாவும் சத்தமில்லாமல் கட்டுகிறார்கள்.

ஊரில் நம்மால் முடிந்ததும் இருக்கிறது. விவசாய அமைப்பிடம் பொதுக் களம் ஒன்றும் ஈரமானி ஒன்றும் இருந்தால், அந்த 103 ரூபாய்க் கணக்கை வட்டையிலேயே பார்த்துவிட்டு வியாபாரியிடம் பேசலாம். கடைக்காரர்கள் தனித்தனியாகப் போகாமல் நாலைந்து பேர் சேர்ந்து ஆலையில் ஒன்றாக எடுத்தால், முழுத் தொகைக்கும் பில் கேட்கும் பலம் கிடைக்கும். வாங்குபவர்கள் நாமும், "தட்டுப்பாடு வரப்போகுது" என்ற செய்தி கேட்டதும் ஆளுக்கு நாலு பை தூக்கிக்கொண்டு வருவதை நிறுத்த வேண்டும். ஆலைக்காரர் செய்தால் பதுக்கல், நாம் செய்தால் முன்யோசனையா?

அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களில் நாங்களும் இருந்தோம் என்று மேலே சொன்னோம். நேற்று அதை அழித்துவிட்டு, காக்காவின் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடன் கொப்பியை எடுத்து எங்கள் பக்கத்தைத் திறந்து காட்டினார். 3,450 ரூபாய் நின்றது. 230 ரூபாய் கணக்கில் பதினைந்து கிலோ அரிசி. எங்களிடம் அவர் ஒருநாளும் 242 வாங்கவில்லை.

கட்டிவிட்டு வந்தோம். உங்கள் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.